லிஃப்ட் பக்கத்துச் சுவர்

அந்த ஞாயிற்றுக்கிழமை பட்டாபிராமில் மூன்றாவது மாடி வீட்டில் இருந்தவர்கள்:

குணசேகரன். வயது அறுபது. ஆவடியில் ராணுவ டாங்கி செய்யும் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து நான்கு மாதத்துக்கு முன் ஓய்வு பெற்றவர்.

பஞ்சவர்ணம். அவர் மனைவி. சிப்பாய்களுக்குச் சீருடை தைக்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஒரு காலத்தில் தொழிற்சாலை வாலிபால் அணியின் கேப்டன். இப்போது முழங்கால் தேய்ந்தவர்.

சௌம்யா. அவர்கள் மகள். பிரசவமாகிப் பத்தொன்பது நாள்.

சௌம்யாவின் மகள். இன்னும் பெயர் வைக்கவில்லை. பெரும்பாலும் தூங்கினாள்.

வெங்கட். மருமகன். கணினி வேலை. லீவு முடிந்து மறுநாள் காலை ஆபீஸ் போயாக வேண்டும்.

முகமது ஆசிக். என் கூட்டாளி. சேக்காட்டில் ஹார்டுவேர் கடை.

பூபாலன். நான்தான். சுவரில் ஓட்டை போடுகிறவன்.

ஆறு வருஷம் அம்பத்தூரில் இரவு ஷிஃப்ட் பார்த்தேன். கடல் கடந்த ஊர்க்காரர்களின் பிரிண்டர் ஏன் ஓடவில்லை என்று கேட்பது வேலை. ஒருநாள் பாதியில் எழுந்து வந்தவன் திரும்பப் போகவில்லை. ஆசிக் கையில் ஒரு டிரில்லைக் கொடுத்தான். அவ்வளவுதான் என் கதை. இது குணசேகரனின் ஷெல்ஃப் பற்றியது.

குணசேகரனும் பஞ்சவர்ணமும் முப்பத்தொரு வருஷம் ஆவடி குவார்ட்டர்ஸில் குடியிருந்தார்கள். அங்கே சுவரில் ஆணி அடிக்கக்கூடாது. காலி செய்யும்போது ஆள் வந்து சுவரைப் பார்ப்பான். எல்லாரும் திருட்டுத்தனமாக அடிப்பார்கள், காலி செய்யும் வாரத்தில் ஓட்டையில் சோப்பைத் தேய்த்து மேலே சுண்ணாம்பு பூசுவார்கள். குணசேகரன் அதைச் செய்யவில்லை. சட்டம் என்றால் சட்டம் என்று இருந்தவர். அதனால் பஞ்சவர்ணம் ஜெயித்த கோப்பைகளும் மரக் கேடயங்களும், மொத்தம் நாற்பத்திரண்டு, கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டிகளில் செய்தித்தாள் சுற்றிக் கிடந்தன. வருஷத்துக்கு ஒருமுறை ஆயுத பூஜைக்கு வெளியே எடுத்துத் துடைப்பார்கள், திரும்ப உள்ளே வைப்பார்கள்.

சொந்த வீடு வந்ததும் குணசேகரன் செய்த முதல் வேலை ஷெல்ஃப். ஆறடி நீளத்துக்குத் தேக்குப் பலகை, ஒன்றேகால் அங்குல கனம். தாங்க இரண்டு இரும்பு பிராக்கெட், அவரே வளைத்து வெல்டு வைத்தது. படுத்தபடியே பஞ்சவர்ணம் பார்க்கலாம் என்று படுக்கையறையில், கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் ஏற்றினார். பத்து மில்லி ஆங்கர் போல்ட் நான்கு. அவை சுவருக்குள் போய் விரிந்து இறுகப் பிடிக்கும் வகை. நீளக் கைப்பிடி ஸ்பேனரால் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினார். கோப்பைகளை அடுக்கினார்கள்.

ஒன்பது நாள் நின்றது. பத்தாம் நாள் மத்தியானம் மொத்தமாகக் கட்டிலின் மேல் வந்து விழுந்தது. கட்டிலில் யாரும் இல்லை. அப்போது சௌம்யா பூந்தமல்லியில் ஆஸ்பத்திரியில் இருந்தாள், குழந்தை பிறந்து இரண்டு நாள். டிஸ்சார்ஜ் ஆனதும் நேராக அம்மா வீட்டுக்கு, அந்தக் கட்டிலுக்குத்தான் வருவதாக இருந்தது.

குணசேகரன் யாருக்கும் சொல்லவில்லை. பலகையைத் துடைத்து, வேறு இடத்தில் துளை போட்டு, இன்னும் நீளமான போல்ட் வாங்கி மறுபடி மாட்டப் பார்த்தார். அந்த நேரம் பஞ்சவர்ணம் வீடியோவில் மகளோடு பேசிக்கொண்டே அறைக்குள் வந்துவிட்டார். சௌம்யா சுவரைப் பார்த்தாள். உள்ளங்கை அகலத்துக்கு நான்கு பள்ளம்.

டிஸ்சார்ஜ் ஆனவள் பட்டாபிராம் வரவில்லை. பூந்தமல்லியில் தன் ஃபிளாட்டுக்கே போனாள். வெங்கட்டின் அம்மா தர்மபுரியில், இடுப்பு ஆபரேஷன் ஆனவர், வந்து பார்த்துக்கொள்ள முடியாது. பஞ்சவர்ணம் தினமும் இரண்டு பஸ் மாறிப் போய் வெந்நீர் வைத்துக் கொடுத்துவிட்டு இரண்டு பஸ் மாறித் திரும்பினார். திங்கட்கிழமையிலிருந்து வெங்கட்டும் வீட்டில் இருக்க மாட்டான். ஞாயிறு பதினொரு மணிக்கு வந்து பார்ப்பேன், சரியாக இருந்தால் இருப்பேன், இல்லாவிட்டால் திரும்பிப் போய்விடுவேன் என்று சௌம்யா சொல்லியிருந்தாள்.

பஞ்சவர்ணம் ஆசிக் கடைக்கு வந்து அழாத குறையாகச் சொன்னது இதுதான். ஒன்பது மணிக்கு நாங்கள் கதவைத் தட்டினோம்.

குணசேகரன் எங்களைப் பார்த்த பார்வையில் வரவேற்பு இல்லை.

"யாரு இவங்க?"

"நான்தான் வரச் சொன்னேன்," என்றார் பஞ்சவர்ணம். "பேசாம இருங்க."

"எதுக்கு? நான் செத்தா பூட்டேன்?"

"நைனா, காலைல அபசகுனமா பேசாத," என்றான் ஆசிக். "செவுத்த பாத்துட்டு போறோம். டீ குடுத்தா குடிக்கிறோம். இல்லாங்காட்டி வேலைய பாத்துகினு போறோம்."

டீ வந்தது. குணசேகரன் பின்னாலேயே வந்து அறை வாசலில் நின்றார்.

சுவரை விரல் முட்டியால் தட்டினேன். டப் டப் என்று வெறுமையான சத்தம். பள்ளத்துக்குள் டார்ச் அடித்தேன். பூச்சு, அதற்குப் பின்னால் ஒன்றேகால் அங்குலத்துக்குச் சாம்பல் நிற ஓடு, அதற்குப் பின்னால் ஒன்றுமே இல்லை, இருட்டு.

"ஹாலோ பிளாக்," என்றேன்.

"தெரியும்," என்றார் குணசேகரன். "சிமெண்ட்தானே? செங்கல்ல விடக் கெட்டி. பத்து மில்லி போல்ட்டு. ஒண்ணு ஒண்ணும் ஒரு டாங்கிப் பலகையவே புடிக்கும். முப்பத்தொரு வருஷம் போல்ட்டு முறுக்கினவன்டா நான்."

"அதான் சார் பிரச்சினை."

"இன்னா பிரச்சினை?"

"நீங்க நல்லா முறுக்கிட்டீங்க."

அவர் முகம் சிவந்தது. நான் நயமாகப் பேசுகிறவன் இல்லை, ஆசிக்குக்கு அதில் எப்போதும் வருத்தம். ஆனால் இரண்டு மணி நேரம்தான் இருந்தது. வாயால் சொல்லிப் புரிய வைக்க அதில் பாதி போய்விடும். மொட்டை மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கட்டுமானக்காரன் விட்டுப்போன பிளாக் ஏழெட்டு கிடந்தன. ஒன்றைத் தூக்கி வந்து ஹாலின் நடுவில் சாக்கு விரித்து வைத்தேன்.

"உங்க போல்ட்டு ஒண்ணு குடுங்க சார்."

கொடுத்தார். பிளாக்கின் பக்கவாட்டில் துளை போட்டேன். டிரில் ஒன்றேகால் அங்குலம் எதிர்த்தது, பிறகு ஒரே இறக்கமாக உள்ளே விழுந்தது. போல்ட்டைச் செருகினேன். அது சாம்பல் ஓட்டின் கனத்தைத் தாண்டி, முக்கால்வாசி வெற்றிடத்துக்குள் நீட்டிக்கொண்டு நின்றது. பிளாக்கின் மேல்பக்கம் திறந்திருந்ததால் எட்டிப் பார்த்தால் உள்ளே நடப்பது தெரியும்.

"இப்ப முறுக்குங்க. வீட்டுல எப்படி முறுக்கினீங்களோ அப்படி."

நீள ஸ்பேனரை எடுத்து வந்து சாக்கில் மண்டி போட்டார். முறுக்கினார். பலகைக்குப் பதில் ஒரு வாஷர். முதல் சில சுற்று லேசாகப் போனது. போல்ட்டின் நுனி வெறும் காற்றில் விரிந்தது, பிடிக்க அதற்கு ஒன்றும் இல்லை. விரிந்தது பின்னால் நகர்ந்து வந்து ஓட்டின் உள்விளிம்பில் முட்டியது. அங்கேதான் ஸ்பேனர் கனத்தது.

"புடிச்சிக்கிச்சு பாரு," என்றார்.

"இன்னும் கொஞ்சம்."

இன்னும் அரைச் சுற்று. பொட்டென்று ஒரு சத்தம். துளையைச் சுற்றி மயிரிழை போல ஒரு விரிசல் கிளம்பி விளிம்பு வரை ஓடியது. இன்னும் கால் சுற்று. உள்ளங்கை அகலத்துக்கு ஓடு பெயர்ந்து, போல்ட்டோடு அவர் மடியில் விழுந்தது. சுவரில் இருந்த பள்ளத்தின் அதே அச்சு.

குணசேகரன் அந்தத் துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் பேசியிருந்தால் சண்டை வந்திருக்கும். துண்டு பேசியது, சண்டை வரவில்லை.

"அப்ப நான் இறுக்கினது எல்லாம்..."

"ஒடச்சிகினு இருந்த நைனா," என்றான் ஆசிக். "நீ ஒடச்சத ஒம்போது நாள் பூச்சு தாங்கிகினு இருந்திச்சி. அத சொல்லணும், நல்ல பூச்சு."

பஞ்சவர்ணம் சிரித்துவிட்டார். குணசேகரன் அவரைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை. வெட்கப்பட்ட பையன் முகம்.

"இந்தச் செவுத்துல மாட்டவே முடியாதா?" என்று என்னிடம் கேட்டார். முதல் தடவையாக 'டா' இல்லை.

"முடியும். டிரில்ல தட்டுற மோடு அணைச்சிட்டு வெறுமனே சுத்த விட்டு துளை போடணும், இல்லன்னா ஓட்டோட உள்பக்கம் பொக்குன்னு போயிடும். சல்லடை மாதிரி ஒரு பிளாஸ்டிக் குழாயச் செருகி, அதுக்குள்ள பசை அடிக்கணும். பசை சல்லடை வழியா வெற்றிடத்துல பிதுங்கி அங்கேயே கல்லாயிடும். ராடு அதுல நிக்கும். விரியாது, ஓட்ட நெம்பாது."

"பெவிகால் மாதிரியா?"

"அத விட மேல."

"அப்ப அதப் போடு."

அப்போது அழைப்பு மணி அடித்தது. மணி பத்தேகால். சௌம்யா சொன்ன நேரத்துக்கு முக்கால் மணி முன்னால் வந்துவிட்டாள். கையில் துணியில் சுற்றிய குழந்தை. பின்னால் வெங்கட், தோளில் ஒன்றும் கையில் இரண்டுமாகப் பைகள். பைகளை வாசலுக்கு வெளியிலேயே வைக்கச் சொன்னாள். உள்ளே கொண்டுவரவில்லை. பஞ்சவர்ணம் அந்தப் பைகளைத்தான் பார்த்தார், பேத்தியை அப்புறம்தான் பார்த்தார்.

சௌம்யா ஹாலில் உடைந்த பிளாக்கைத் தாண்டி, படுக்கையறை வாசலில் நின்று சுவரைப் பார்த்தாள்.

"அங்கயேதான் திரும்ப மாட்டப் போறீங்களாப்பா?"

"இல்லம்மா, இது வேற முறை. இந்தத் தம்பி சொல்றான், பசை போட்டு..."

"எவ்வளவு தாங்கும்?" என்றான் வெங்கட் என்னிடம். "ஒரு பாயிண்ட்டுக்கு எத்தனை கிலோ? சேஃப்டி ஃபேக்டர் என்ன வச்சிருக்கீங்க?"

"மாப்ள, நீ எக்ஸல் தொறக்காத," என்றார் குணசேகரன்.

"பலகை, பிராக்கெட், கோப்பை எல்லாம் சேத்து அறுபது கிலோ," என்றேன். "எட்டு ராடு போட்டா தாங்கும். தாராளமா தாங்கும்."

"பாத்தியா!" என்றார் குணசேகரன்.

சௌம்யா என்னைப் பார்த்தாள். தூக்கம் கெட்ட கண்கள். எனக்கு அந்தக் கண் தெரியும், ஆறு வருஷம் கண்ணாடியில் பார்த்தது.

"அண்ணா, உங்க குழந்தைன்னா இதுக்குக் கீழ படுக்க வைப்பீங்களா?"

ஆசிக் என் காலை மிதித்தான். ஒரு முழு நாள் கூலி கைவிட்டுப் போகும்.

"மாட்டேன்," என்றேன்.

"அப்ப தாங்கும்னு சொன்னீங்க?" என்றான் வெங்கட்.

"தாங்கும். ஆனா உள்ள பசை எப்படிப் பிதுங்கியிருக்குன்னு யாரும் பாக்க முடியாது. ஒரு பிளாக்கு மட்டமா வந்திருக்கலாம். அறுபது கிலோவ தூங்குறவங்க தலைக்கு மேல மாட்டக் கூடாது. எந்தச் செவுரா இருந்தாலும் மாட்டக் கூடாது."

சௌம்யா குழந்தையை மறு தோளுக்கு மாற்றினாள். அவள் கால்கள் வாசல் பக்கம் திரும்புவதைப் பஞ்சவர்ணம் பார்த்தார்.

"ஷெல்ஃபே வேணாம்," என்றார் பஞ்சவர்ணம் சட்டென்று. "எல்லாத்தையும் பெட்டியிலயே போடுங்க. முப்பது வருஷம் கெடந்துச்சு, இன்னும் கெடக்கட்டும். நீ பைய உள்ள எடுத்துட்டு வா மாப்ள."

"அதெல்லாம் கிடையாது," என்றார் குணசேகரன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இதைப் பற்றி முன்பே நிறையப் பேசியிருக்கிறார்கள் என்பது தெரிந்தது. "மேட்ச்ல நீ பந்த அடிச்சு, கேலரியில உக்காந்திருந்த என் மூக்க ஒடச்ச. அந்தக் கப்பு பெட்டிக்குள்ள போவாது."

"இவரு மூக்கு என் பந்துக்குக் குறுக்க வந்துச்சு," என்றார் பஞ்சவர்ணம் ஆசிக்கிடம்.

நான் ஹாலுக்குப் போனேன். ஒவ்வொரு சுவராகத் தட்டினேன். சமையலறைப் பக்கம் செங்கல். ஓர் ஓரத்தில் துருவிப் பார்த்தபோது சிவப்புத் தூள் வந்தது. ஆனால் நாலரை அங்குலச் சுவர்தான். மசாலா டப்பா ஷெல்ஃபுக்கு ராவல் பிளக் என்கிற பிளாஸ்டிக் முளை போட்டால் போதும், அதுவும் கல்லின் நடுவில், கலவை இணைப்பில் போடாமல். அறுபது கிலோவுக்கு அது வேண்டாம். ஜன்னல் பக்கம் ஹாலோ பிளாக். நான்காவது சுவரில் டிவி. அதைத் தட்டியபோது சத்தமே வரவில்லை, என் விரல் முட்டிதான் வலித்தது. சுவருக்கு அந்தப்பக்கம் லிஃப்ட் ஏறும் சத்தம் மட்டும் கேட்டது.

"சார், இது லிஃப்ட் செவுரு. அடியிலேருந்து மொட்டை மாடி வரைக்கும் முழு கான்கிரீட், உள்ள கம்பி. உங்க போல்ட்டு இதுக்குத்தான் செஞ்சது."

குணசேகரன் டிவியைப் பார்த்தார். ஐம்பத்தைந்து அங்குலம். ஓய்வு பெற்ற பணத்தில் தனக்கென்று வாங்கிய ஒரே பொருள் என்று பிறகு பஞ்சவர்ணம் சொன்னார். அதற்கு நேர் எதிரே அவருடைய சாய்வு நாற்காலி.

"டிவி?"

"ஜன்னல் செவுத்துக்குப் போவும். பதினஞ்சு கிலோதான். பசைல நிக்கும். கீழ யாரும் படுக்கப் போறதில்ல."

"ஜன்னல் வெளிச்சம் அடிக்குமே. மத்தியானம் ஒண்ணும் தெரியாது."

"தெரியாது."

அவர் நாற்காலியைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார், வாசலுக்கு வெளியே இருந்த பைகளைப் பார்த்தார். பிறகு டிவியின் பிளக்கைப் பிடுங்கினார்.

"மத்தியானம் இனிமே யார் டிவி பாக்கப் போறா," என்றார்.

அதற்குப் பிறகு அவர்தான் மேஸ்திரி. நாங்கள் கூலி. மட்டம் பார்க்க என் லெவலை நம்பாமல், வெளிர்நீலக் குழாயில் தண்ணீர் நிரப்பி இரண்டு பக்கமும் பிடிக்கச் சொன்னார். டிரில் முனையில் எழுபது மில்லி அளந்து டேப் சுற்றினார். பூச்சு கணக்கில் வராது என்று நான் சொன்னதும் இன்னும் பதினைந்து மில்லி தள்ளிச் சுற்றினார். இரண்டாவது முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கான்கிரீட்டில் துளை போடுவது வேறு வேலை. இங்கே தட்டும் மோடு வேண்டும், உடம்பு எடையைக் கொடுக்க வேண்டும். வெண்சாம்பல் தூள் மெல்லிசாக இறங்கியது. மூன்று துளை ஒழுங்காகப் போனது. நான்காவதில் ஓரங்குலத்தில் டிரில் கிறீச்சிட்டு நின்றது, தூளில் பளபளப்பு.

"கம்பி," என்றார் குணசேகரன் காதாலேயே. "விடு, விடு. அத அறுக்காத."

ஓட்டையைக் கலவை வைத்து அடைத்துவிட்டு, பிராக்கெட்டை ஒரு சாண் வலப்பக்கம் நகர்த்தினோம். அந்தப் பிராக்கெட்டுக்கு இரண்டு துளையும் புதிதாகப் போட வேண்டியிருந்தது. ஒன்று மட்டும் நகர்ந்தால் கோணலாகத் தெரியும் என்று இடப்பக்கத்தையும் அவ்வளவே நகர்த்தச் சொன்னார். ஆசிக் முனகினான்.

"நைனா, உன்கூட டாங்கி செஞ்சவன்லாம் எப்புடி உயிரோட கீறான்?"

"கோணல் இல்லாமக் கீறான்."

ஒவ்வொரு துளையையும் பிரஷ் விட்டுத் தேய்த்து, சைக்கிள் பம்பால் ஊதி, மறுபடி தேய்த்து, மறுபடி ஊதினார். தூள் இருந்தால் போல்ட் தூளைத்தான் பிடிக்கும், சுவரைப் பிடிக்காது என்று வெங்கட்டுக்கு விளக்கினார், என்னவோ பிறந்ததிலிருந்து தெரியும் என்பதுபோல. வெங்கட் தலையாட்டிக்கொண்டு பம்பைப் பிடித்தான். போல்ட் பெட்டியில் எழுதியிருந்த முறுக்கு அளவைக் கண்ணாடி போட்டுப் படித்து, நீள ஸ்பேனரை ஓரமாக வைத்துவிட்டு, உள்ளேயிருந்து அளவு வைத்து முறுக்கும் டார்க் ரெஞ்சைக் கொண்டு வந்தார். அளவு வந்ததும் அது டக் என்றது. நான்கு டக். அதற்கு மேல் ஒரு முடி அளவுகூட முறுக்கவில்லை. கை துடித்ததை நான் பார்த்தேன்.

பலகை ஏறியது. கோப்பை எடுக்கப் பஞ்சவர்ணம் குனிந்தபோது, "இரு" என்றார். ஸ்டூலைப் போட்டு ஏறி, வலது பிராக்கெட்டை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினார். கால் தரையில் இல்லை. எழுபத்தாறு கிலோ.

"எறங்குங்க! ஐயோ, இந்தக் கெழவனுக்குப் பைத்தியம்!"

"மாப்ள, எண்ணு."

வெங்கட் உண்மையாகவே எண்ணினான். முப்பது வரை. பிறகு இடது பிராக்கெட்டுக்கு மாறி இன்னொரு முப்பது. சுவரில் ஒரு இம்மி அசைவு இல்லை. கீழே இறங்கியவர் உள்ளங்கையில் சிவந்த கோடு. அதை மகளிடம் நீட்டிக் காட்டினார், சர்டிபிகேட் காட்டுவதுபோல.

சௌம்யா அந்தக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள். படுக்கையறைக்குள் போனாள். நாங்கள் டிவியை ஜன்னல் சுவருக்கு ஏற்றும் வேலையில் இருந்தோம். தட்டாத டிரில், சல்லடைக் குழாய், பசை. ஒரு மணி நேரம் யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தபோது அறைக்கதவு திறந்திருந்தது. நான்கு பள்ளத்தையும் குணசேகரன் வேலைக்கு நடுவில் மீந்த கலவையால் அடைத்து, மேலே பட்டி பூசியிருந்தார். மொட்டைச் சுவர். கட்டிலில், அதே தலைமாட்டில், குழந்தை இரு கையையும் தலைக்கு மேலே போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. சௌம்யா பக்கத்தில் படுத்து ஏற்கெனவே குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

பஞ்சவர்ணம் வாசலுக்குப் போய்ப் பைகளை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூன்று நடை. யாரையும் தூக்க விடவில்லை.

சாம்பார் சாதம் சாப்பிட்டோம். நாற்பத்திரண்டும் ஷெல்ஃபில் ஏறியபின் பலகையில் கை வைக்க இடமில்லை. மூக்கை உடைத்த கோப்பை நடுவில். மேலே பார்த்துக்கொண்டே பஞ்சவர்ணம் குணசேகரனுக்கு இரண்டாம் தடவை ரசம் ஊற்றினார், அது தட்டைத் தாண்டி வழிந்தது.

நான்கு மணிக்கு நானும் ஆசிக்கும் கிளம்பினோம். வெங்கட்டும் எழுந்தான். சௌம்யா கலைந்த தலையோடு வாசல்வரை வந்தாள்.

"நீ போ. நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு கேப் வருமில்ல உனக்கு?"

"நீ?"

"நான் மூணு மாசம் கழிச்சு வரேன்."

"ஃப்ரிட்ஜ்ல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. வெளிய சாப்புடு."

வெங்கட் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டான். குணசேகரன் பின்னாலேயே வந்து, "மாப்ள, சனிக்கிழம வந்துடு, சமையக்கட்டுல மசாலா ஷெல்ஃப் மாட்டணும், செங்கல் செவுரு, ராவல் பிளக்கு, நீ பம்பப் புடிக்கணும்" என்றார். உள்ளே குழந்தை அழத் தொடங்கியது. குணசேகரன், பஞ்சவர்ணம், சௌம்யா மூன்று பேரும் ஒரே நேரத்தில் உள்ளே திரும்பினார்கள். கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழுந்தது, பிறகு சாவி இரண்டு சுற்று. வெங்கட் வெளியே, எங்களோடு, லிஃப்ட்டுக்கு எதிரே நின்றான்.